பச்சை அட்டையும் அதன் நாட்டு எழுத்துகளும்

கிரீன் கார்டு என்றதும் நமக்கு அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான வரிசைதான் நினைவுக்கு வரும். அதையே ‘பச்சை அட்டை’ என்று தமிழாக்கினால் ரேஷன் கடை அரிசி அட்டையாகிவிடும். ஐரோப்பாவில் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர் வேறொன்றைக் குறிக்கிறது. சொந்த நாட்டில் எடுத்த மூன்றாம் தரப்புக் காப்பீடு அடுத்த நாட்டிலும் செல்லும் என்று காட்டும் தாள் அது. அதன் அதிகாரப்பூர்வப் பெயரில் நிறமே கிடையாது: பன்னாட்டு மோட்டார் காப்பீட்டு அட்டை.

வெளிநாட்டுக் கார் ஒன்று உள்ளூர்க்காரரை இடித்துவிட்டு எல்லை தாண்டிப் போய்விட்டால் இழப்பீட்டை யாரிடம் கேட்பது? இந்தச் சிக்கலுக்காகத்தான் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தில் 1949 ஜனவரியில் ஒரு பரிந்துரை வந்தது. 1953 ஜனவரி 1 முதல் அட்டை புழக்கத்துக்கு வந்தது. பச்சைத் தாளில் அச்சிட்டதால் ஒட்டிக்கொண்ட பெயர் இது. 2020 ஜூலை முதல் வெள்ளைத் தாளிலும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் வெள்ளையாக இருப்பதையும் பச்சை என்றே சொல்கிறார்கள்.

அட்டையில் கண்ணை இழுப்பது கட்டம் கட்டமாக இருக்கும் நாட்டு எழுத்துகள். A ஆஸ்திரியா, D ஜெர்மனி, E ஸ்பெயின், HR குரோவாசியா. அந்தந்த நாட்டார் தம் நாட்டை அழைக்கும் பெயரிலிருந்து வந்தவை பல: டாய்ச்லாந்து, எஸ்பாஞா, ஹர்வாட்ஸ்கா. சுவிட்சர்லாந்தின் CH மட்டும் லத்தீன், கான்ஃபெடராட்சியோ ஹெல்வெடிகா. நான்கு மொழி பேசும் நாட்டில் எந்த மொழிக்காரருக்கும் மனத்தாங்கல் வராமல் இருக்க இதைவிட நல்ல வழி ஏது! வண்டியின் பின்னால் ஒட்டும் எழுத்துகளும் இவையேதான். அந்த வரிசையில் இந்தியாவுக்கு IND, இலங்கைக்கு இன்னும் சிலோன் காலத்து CL. ஆனால் இரு நாடுகளும் இந்த ஏற்பாட்டில் இல்லை, அதனால் அட்டையில் அவற்றைத் தேட வேண்டாம்.

முதல்முறை பார்ப்பவர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வண்டி வகையையும் ஒற்றை எழுத்தால்தான் குறிக்கிறார்கள்: A என்றால் கார், B மோட்டார் சைக்கிள், E பேருந்து, F இழுவைப் பெட்டி. ஆக, வகைக் கட்டத்தில் A இருப்பதைப் பார்த்து ஆஸ்திரியாவுக்குச் செல்லும் என்று நினைக்கக் கூடாது. நாட்டுக் கட்டங்கள் தனி. அங்கே எழுத்து அச்சாகி இருப்பது மட்டும் போதாது, அதன்மேல் கோடு போட்டு அடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடித்திருந்தால் அந்த நாட்டில் செல்லாது.

ஜெர்மனியில் பதிவான கார் ஒன்று ஆஸ்திரியா, ஹங்கேரி, செர்பியா, பல்கேரியா வழியாகத் துருக்கிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் உள்ள நாடுகளில் ஜெர்மன் எண்பலகையே போதும், அட்டையைக் கேட்பதில்லை. துருக்கி எல்லையில்தான் கேட்பார்கள். TR அடிபடாமல் இருக்க வேண்டும். எடிர்னே நகரில் அந்தக் கார் ஒரு ஸ்கூட்டரை இடித்தால், ஸ்கூட்டர்காரர் ஜெர்மனிக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. துருக்கியில் வண்டிக் காப்பீட்டு நிறுவனங்களின் சார்பில் இயங்கும் தேசியப் பணியகம் அந்நாட்டுச் சட்டப்படி விவகாரத்தைத் தீர்த்துவிட்டு, அப்புறம் ஜெர்மன் காப்பீட்டு நிறுவனத்திடம் பணத்தை வசூலித்துக்கொள்ளும். நிறுவனம் கொடுக்காவிட்டால் ஜெர்மனியில் உள்ள அதேபோன்ற பணியகம் பொறுப்பு.

நசுங்கிய சொந்தக் காருக்கு இந்த அட்டையால் ஒரு காசும் வராது. அதற்கு முழுக் காப்பீடு வேண்டும். ஜெர்மன் ஒப்பந்தங்கள் பலவற்றில் அது புவியியல் ஐரோப்பாவோடு முடிந்துவிடும். இஸ்தான்புல்லில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் போஸ்பரஸ் நீரிணைப் பாலத்தைத் தாண்டினால் அட்டை செல்லும், முழுக் காப்பீடு செல்லாமல் போகலாம். எழுத்துக்கும் நிலத்துக்கும் பொருந்தாத இடங்களும் உண்டு: CY என்பது சைப்ரஸ் குடியரசின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிக்கு மட்டும், செர்பியாவுக்கான SRB இருந்தாலும், அந்நாடு தன் பகுதி என்று சொல்லும் கொசோவோவுக்குள் நுழைய எல்லையில் தனியாகக் காப்பீடு வாங்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டில் காப்பீடு, அதாவது காப்பு + ஈடு. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் காப்புறுதி, காப்பு + உறுதி. பொதுவாக எனக்குக் காப்பீடுதான் பழக்கம். ஆனால் இந்தத் தாளுக்குக் காப்புறுதியே பொருந்துகிறது. ஏனென்றால் இது தனிப் பாலிசி அல்ல. வேறொரு நாட்டில் இருக்கும் பாலிசிக்கு இரண்டு பணியகங்கள் கொடுக்கும் உறுதி. யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரத்தையே ‘உறுதி’ என்கிறார்கள், ஆகவே தாள் என்ற பொருளும் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது.

‘பன்னாட்டு வாகனக் காப்புறுதிச் சான்று’ என்பது என் தேர்வு. எழுத்துகளுக்கு ‘நாட்டுக் குறியெழுத்து’ போதும். பேச்சில் பச்சை அட்டை என்றே இருக்கட்டும், ‘வண்டிக்கு’ என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்துக்கொண்டால் அரிசி அட்டையோடு குழப்பம் வராது.