ரெண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் மைதாவுக்குள்ள என்ன வேலை பாக்குது?

வாசகி ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: "கேக் ஃப்ளார் எங்க ஊர்ல கெடைக்கல, பிரெட் போட வாங்கின மாவு வீட்ல இருந்துச்சு, ஒரு கப்ல ரெண்டு டேபிள்ஸ்பூன் எடுத்துட்டு கார்ன்ஃப்ளார் போட்டா கேக் ஃப்ளார் ஆயிடும்னு சொன்னாங்களேன்னு அப்படியே செஞ்சேன், கேக் நடுவுல கூம்பு மாதிரி எழும்பி வெடிச்சிருச்சு, வெட்டிப் பாத்தா உள்ள நீள நீளமா ஓட்டை, மெல்ல வேண்டியிருக்கு, ஏன்?"

அந்த நீள ஓட்டைலயே பதில் இருக்குங்க. மாவுல புரோட்டீன் அதிகமாகி, அது பின்னுற வலை இறுகிப் போனா பேக்கிங் பவுடர்ல வர்ற வாயு சுலபமா பரவ வழி இல்லாம கெடைச்ச எடத்துல குடைஞ்சுகிட்டு மேல போகும், அதான் சுரங்கம் மாதிரி ஓட்டை.

கோதுமைல மாவுச்சத்து தான் பெரும்பகுதி, புரோட்டீன் கொஞ்சம் தான், ஆனா மாவோட குணத்த முடிவு பண்றது அந்தக் கொஞ்சம் தான். கேக் ஃப்ளார்ல சுமார் 7லேர்ந்து 9 சதவீதம், நம்ம மைதா, அமெரிக்கால ஆல் பர்ப்பஸ்னு சொல்றது எல்லாம் 10, 11 கிட்ட, பிரெட் ஃப்ளார் 12லேர்ந்து 14. என்னடா இது வெறும் நாலஞ்சு சதவீத வித்தியாசம் தானேன்னு தோணும். அந்த நாலஞ்சு என்ன பண்ணுதுன்னு கையாலயே தொட்டுப் பாக்கலாம், எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விஷயமே இதுதான்.

100 கிராம் மைதா, 60 மில்லி தண்ணி, அஞ்சு நிமிஷம் நல்லா பெசைஞ்சு உருண்டையா உருட்டி ஒரு கிண்ணம் தண்ணிக்குள்ள அரை மணி நேரம் போட்டுருங்க. அப்புறம் அந்தத் தண்ணிக்குள்ளயே மெதுவா கசக்குங்க. தண்ணி பால் மாதிரி வெளுக்கும், கொட்டிட்டு புதுத் தண்ணி ஊத்தி திரும்பக் கசக்குங்க. கொஞ்சம் கொஞ்சமா உருண்டை சின்னதாகி, கடைசில தண்ணி தெளிஞ்சு வர்றப்ப கையில மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒரு ரப்பர் துண்டு மிச்சம் நிக்கும். 25, 30 கிராம் இருக்கும், அதுல மூணுல ரெண்டு பங்கு உறிஞ்சின தண்ணி. இழுங்க, நீளும், விட்டா சுருங்கும். இதான் குளூட்டன். இத்தாலில போலோன்யா ஊர்ல பெக்காரின்னு ஒரு பேராசிரியர் இதையே செஞ்சு பாத்து, அந்தக் கட்டுரை 1745ல வெளிவந்துச்சு. ஒரு கிண்ணம் தண்ணி தான் செலவு, ஆனா எத்தன ஸ்கூல்ல இத செஞ்சு காட்டியிருப்பாங்க சொல்லுங்க? லேப் ஃபீஸ் மட்டும் கரெக்டா வாங்கிருவாங்க.

காய்ஞ்ச மாவுல குளூட்டன்னு ஒண்ணு ரெடியா கெடையாது. குளூட்டெனின், கிளையடின்னு ரெண்டு புரோட்டீன் தனித்தனியா கெடக்கும். தண்ணி பட்டு பெசைஞ்சா குளூட்டெனினோட நீளச் சங்கிலிங்க ஒண்ணோட ஒண்ணு கந்தக அணு வழியா கைகோத்துக்கும், இழுத்தா திரும்ப சுருங்குற பலம் அதுலேர்ந்து வருது. கிளையடின் சின்னது, சுருண்டு கெடக்குறது, இந்தச் சங்கிலிங்களுக்கு நடுவுல நுழைஞ்சு வழுக்க விடும், அதனால மாவு அறுந்து போகாம நீளுது. பரோட்டா மாஸ்டர் மாவ வீசி கண்ணாடி மாதிரி விரிக்கிறாரே, அது கிழியாம இருக்குறதுக்கும் மாவு உருண்டைய முதல்ல எண்ணெய் போட்டு ஊற வைக்கிறதுக்கும் காரணம் இந்த ரெண்டு பேரும் தான், ஊற ஊற இறுக்கம் தளர்ந்து வீச வசதியா ஆகும்.

பிரெட்டுக்கும் பரோட்டாவுக்கும் இது வேணும். கேக்குக்கு இது அளவோட இருந்தா போதும், கேக் நிக்கிறது பெரும்பாலும் வெந்து உப்புற மாவுச்சத்தும் இறுகுற முட்டையும் சேர்ந்து தான். ஏற்கனவே வெண்ணெய் மாவுத் துகளச் சுத்தி பூசி தண்ணிய தள்ளி வைக்குது, சர்க்கரை தண்ணிய தன் பக்கம் இழுத்துக்குது, ரெண்டும் குளூட்டன அடக்குறதுக்கு உதவுது. அதுக்கு மேல நாம செய்யுறது தான் கார்ன்ஃப்ளார் வேலை.

கார்ன்ஃப்ளார்ல புரோட்டீன் கிட்டத்தட்ட கெடையாது, வெறும் மாவுச்சத்து. (நம்ம கடையில கெடைக்கிற வெள்ளைப் பவுடரத் தான் சொல்றேன், மஞ்சளா இருக்குற மக்காச்சோள மாவு வேற, அத போட்டீங்கன்னா கேக் நறநறன்னு ஆகும்.) அதனால கணக்கு சுலபம். ஒரு கப் மைதா 125 கிராம், 10 சதவீதம்னா புரோட்டீன் 12.5 கிராம். ரெண்டு டேபிள்ஸ்பூன், அதாவது சுமார் 16 கிராம் மைதாவ எடுத்துட்டு அதே எடைக்கு கார்ன்ஃப்ளார் போட்டா, மிச்சம் 109 கிராம் மைதாவுல 10.9 கிராம் புரோட்டீன், மொத்தம் 125க்கு 8.7 சதவீதம். கேக் ஃப்ளார் எல்லைக்குள்ள வந்தாச்சு.

இப்ப வாசகியோட மாவு. பிரெட் ஃப்ளார் 13 சதவீதம்னு வெச்சா 109 கிராம்ல 14.2, மொத்தத்துல 11.3 சதவீதம். பாருங்க, அவங்க செஞ்சது கேக் ஃப்ளார் இல்ல, சுத்தி வந்து சாதாரண மைதா தான்! சரி இன்னும் கொட்டலாமேன்னா, 8.7க்கு எறக்க கப்ல மூணுல ஒரு பங்கு கார்ன்ஃப்ளார் போடணும், அப்ப கேக் தொட்டா உதிரும், வாய்ல மாவா ஒட்டும். அந்த மாவ பிரெட்டுக்கே விட்ருங்க. பாக்கெட் பின்னாடி 100 கிராமுக்கு புரோட்டீன் எவ்வளவுன்னு போட்டிருக்கும், அதப் பாத்துட்டு ஆரம்பிங்க. அமெரிக்கப் பாக்கெட்ல மட்டும் 30 கிராமுக்கு 3 கிராம்னு முழு எண்ணாக்கிப் போடுவாங்க, நிஜத்துல அது 2.5ம் இருக்கலாம் 3.4ம் இருக்கலாம், அத நம்பி கணக்கு போட முடியாது.

கலக்குறப்ப ரெண்டையும் சேத்து ரெண்டு மூணு தடவ சலிங்க, இல்லன்னா வெந்த கேக்ல வெள்ளைப் புள்ளி தெரியும். மாவு சேத்தப்புறம் பீட்டர் வேண்டாம், கரண்டியால மடிச்சு விட்டு காய்ஞ்ச மாவு கண்ணுக்குத் தெரியாம போன உடனே நிறுத்திருங்க, ஏன்னா 8.7 சதவீத மாவையும் அஞ்சு நிமிஷம் அடிச்சா வலை பின்னத்தான் செய்யும்.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். "மைதால தான் போஸ்டர் ஒட்டுற பசை காய்ச்சுறாங்க, அது குடல்ல ஒட்டிக்கும்"னு ஒரு ஃபார்வேர்டு வருஷா வருஷம் வருது. அந்தப் பசை வெந்த மாவுச்சத்து. வேட்டிக்குப் போடுற கஞ்சியும் அதே தான், சோறு குடல்ல ஒட்டிக்கும்னு யாரும் பயப்படுறதில்லையே. மைதால நார்ச்சத்து கம்மி, தெனமும் தின்னா நல்லதில்ல, அத சொன்னா போதும், பசைக்கதை எதுக்கு?

இந்தக் கலவைக்கும் எல்லை உண்டு. அமெரிக்கக் கடைல விக்கிற கேக் ஃப்ளார் பலதுக்கும் குளோரின் வாயு காட்டியிருப்பாங்க (ஐரோப்பால இதுக்கு அனுமதி இல்ல). அது புரோட்டீனக் குறைக்கிறதுக்கு இல்ல, மாவுச்சத்துத் துகளோட மேல்பரப்பையே மாத்தி கொழுப்பையும் தண்ணியையும் நல்லா புடிச்சு வெச்சுக்க வைக்கும். மாவ விட சர்க்கரை அதிகமா போடுற அமெரிக்க லேயர் கேக்குங்க இத நம்பித்தான் நிக்குது. அந்த ரெசிபிய கார்ன்ஃப்ளார் மைதால அப்படியே செஞ்சா அவன்ல அழகா எழும்பி, வெளிய எடுத்ததும் நடுவுல குழி விழும், குழிக்கு அடியில பிசுபிசுன்னு ஒரு அடுக்கு இருக்கும். சர்க்கரைய மாவோட எடைக்கு சமமாவோ கொஞ்சம் கம்மியாவோ எறக்கிருங்க. வெண்ணெய் கேக், ஸ்பாஞ்ச், கப்கேக்குக்கெல்லாம் நம்ம கலவை தாராளமா போதும்.