சிறப்பு விருந்தினரை எத்தனை மணிக்கு அனுப்பி வைப்பீர்கள்?

தக்கலைக்கு அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். ஆண்டு விழா என்றால் அழைப்புக் கடிதம் எழுதுவது, நோட்டீஸ் பார்ப்பது, விருந்தினரை வாசலில் வரவேற்று வழியனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. பல ஆண்டுகள் ஒரே மாதிரிக் கடிதத்தையே எழுதி வந்தேன். 'தாங்கள் தலைமை விருந்தினராகக் கலந்துகொண்டு விழாவைச் சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம்' என்று முடியும். கூடவே தேதி, 'மாலை 4.30 மணி', இடம். அவ்வளவுதான். அந்தக் கடிதத்தில் என்ன குறை என்பது ஒரு விழாவில்தான் எனக்கு விளங்கியது.

அந்த ஆண்டு ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்திருந்தோம். கடிதத்தில் 'தலைமை விருந்தினர்' என்று இருந்தது. நோட்டீஸ் அடிக்கும்போது இடம் போதவில்லை என்று அவர் பெயருக்கு மேலே 'தலைமை' என்று மட்டும் போட்டுவிட்டார்கள். உண்மையில் தலைமை தாங்க இருந்தவர் எங்கள் தாளாளர். பொறியாளரோ நோட்டீஸைப் பார்த்து, விழா முழுவதையும் தாம்தான் நடத்தித் தர வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். சொன்னபடி நாலரைக்கே வந்துவிட்டார். பந்தலில் பாதி நாற்காலி காலி. விழா தொடங்கியபோது மணி ஐந்தேகால். தலைமையுரை என்று நினைத்து முதலில் கொஞ்சம் பேசினார், அப்புறம் சிறப்புரைக்கு மறுபடி அழைத்தோம். நாற்பது நிமிட உரையோடு லேப்டாப்பில் படங்களும் கொண்டு வந்திருந்தார். எங்களிடம் திரை இல்லை. எவ்வளவு நேரம் பேச வேண்டும், எதைப் பற்றி, யாருக்கு என்று நாங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் அவர் அப்படித் தயாராகி வந்திருக்க மாட்டார்.

பரிசளிப்பு முடியும்போது ஏழரை தாண்டிவிட்டது. ஒப்பனை அறையாக வைத்திருந்த ஒன்றாம் வகுப்பில் எட்டிப்பார்த்தேன். நாலு மணிக்கே அலங்காரம் செய்து உட்கார வைத்திருந்த மயில் நடனக் குழந்தைகளில் இரண்டு பேர் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளையின் கன்னத்துச் சாயம் பக்கத்தில் இருந்தவளின் தோளில் ஒட்டியிருந்தது. அவளுடைய அம்மா என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே முதலில் சொல் விஷயம். மேடையில் 'தலைமை' என்றால் ஒரு வேலை. 'சிறப்பு விருந்தினர்' என்றால் வேறு வேலை. தலைமை தாங்குபவர் தொடக்கம் முதல் கடைசி வரை இருக்க வேண்டியவர். தாளாளரோ பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரோ அதைச் செய்வதுதான் நல்லது. சிறப்பு விருந்தினர் வந்து, பேசி, பரிசு தந்து, புறப்படலாம். 'முன்னிலை' என்றால் பேசாமல் மேடையில் அமர்வது. 'வாழ்த்துரை' என்றால் இரண்டு மூன்று நிமிடம். 'தலைமை விருந்தினர்' என்ற சொல் தவறில்லை, ஆனால் இப்படிப் பாதி வெட்டுப்பட்டுக் குழப்பும் என்பதால் நான் அதை விட்டுவிட்டேன். சிறப்பு விருந்தினர் என்று அழைத்துவிட்டு நோட்டீஸில் நாலாவது வாழ்த்துரையாகப் பெயர் போடுவதும் நடக்கிறது. அழைத்த வார்த்தை எதுவோ அதுவே கடிதத்திலும் நோட்டீஸிலும் தொகுப்பாளர் வாயிலும் வர வேண்டும். நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் விருந்தினருக்கு வாட்ஸப்பில் ஒரு பிரதி அனுப்பிவிட்டால் இனிஷியல், பட்டம், பதவி எல்லாம் அவரே திருத்திவிடுவார்.

அடுத்தது நேரம். இப்போது நான் எழுதும் முறையை எங்கள் பழைய மாணவி ஒருவருக்கு எழுதிய கடிதத்தை வைத்தே சொல்கிறேன். அவர் திருவனந்தபுரத்தில் டாக்டர். முதலில் போனில் கேட்டேன். உடனே மகிழ்ந்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "சார், நான் அஞ்சு மணிக்கு வந்தா எத்தனை மணிக்கு விடுவீங்க?" என்றார். "ஆறு இருபதுக்கு நீ கார்ல இருப்ப மக்களே" என்றேன். "அப்ப வர்றேன்" என்றார். போனிலேயே இதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், பேசுவதற்கு முன்பே நிகழ்ச்சி நிரலை நிமிடக் கணக்கில் போட்டு வைத்திருந்ததுதான்.

நிரலில் என்னைப் படுத்தியது பரிசளிப்பு. 140 பரிசுகள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பிள்ளை கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, வாங்கி, படம் எடுத்து இறங்க அரை நிமிடம் ஆகும். 140 பேருக்கு எழுபது நிமிடம். முன்கூட்டியே மேடைப் படியில் வரிசையாக நிறுத்தி, பரிசுகளையும் அதே வரிசையில் அடுக்கினால் நிமிடத்துக்கு நாலு பேர். அப்போதும் முப்பத்தைந்து நிமிடம். வெளியூரிலிருந்து வருபவரை அவ்வளவு நேரம் நிற்க வைப்பது சரியில்லை. அதனால் பொதுத் தேர்வில் முதல் மதிப்பெண், வகுப்பில் முதலிடம், மாவட்ட விளையாட்டில் வென்றவர்கள் என்று 32 பேரை மட்டும் டாக்டர் கையால் என்று பிரித்தோம். பத்து நிமிடம் போதும். மீதி 108 பரிசுகளைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரும் வகுப்பாசிரியர்களும் கலை நிகழ்ச்சிகளுக்கு இடையிடையே கொடுத்தார்கள். "எம்பிள்ளைக்கு டாக்டர் தரலையே" என்று ஒருசிலர் கேட்கத்தான் செய்தார்கள். எந்தப் பரிசு யார் கையால் என்று அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தால் அந்த வருத்தமும் குறைந்திருக்கும்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

'நம் பள்ளியின் ஆண்டு விழா 07.02.2026 சனிக்கிழமை மாலை பள்ளி வளாகத்தில் நடைபெறும். தொலைபேசியில் தாங்கள் இசைந்தபடி சிறப்பு விருந்தினராக வருகை தர அழைக்கிறோம். கலை நிகழ்ச்சிகள் 4.30க்குத் தொடங்கிவிடும், தாங்கள் 5.00 மணிக்கு வந்தால் போதும். 5.15க்குத் தமிழ்த்தாய் வாழ்த்துடன் மேடை நிகழ்ச்சி தொடங்கும். வரவேற்புரை, ஆண்டறிக்கை, தாளாளரின் தலைமையுரை முடிந்து 5.40க்குத் தங்கள் சிறப்புரை. 15 நிமிடம் பேச வேண்டுகிறோம். கேட்பவர்கள் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையுள்ள மாணவர்களும் பெற்றோரும். பள்ளி நாட்களில் தாங்கள் படித்த விதம் பற்றிச் சொன்னால் பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கும். பின்னர் 32 மாணவர்களுக்குத் தாங்கள் பரிசு வழங்க 10 நிமிடம் ஆகும். 6.20க்குத் தாங்கள் புறப்படலாம். விரும்பினால் இருந்து நடனங்களையும் காணலாம். மேடையில் தாளாளர், தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஆகியோர் உடனிருப்பர்.'

கீழே என் கைபேசி எண். மேடையில் உடனிருப்பவர்களைச் சொல்லிவிடுவது அரசு அலுவலர்களை அழைக்கும்போது இன்னும் முக்கியம். யாரோடு மேடையில் அமர்கிறோம் என்று தெரியாமல் அவர்களால் வருவதாகச் சொல்ல முடியாது. உரை 5.40க்கு என்று எழுதிவிட்டால் அது எங்களையும் கட்டிப்போடும். ஆண்டறிக்கையைப் பத்து நிமிடத்துக்குச் சுருக்கித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேட்க எனக்கு அந்த வரிதான் துணை நின்றது.

தேதி விஷயத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு என்றே சில சிக்கல்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை. டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர். எனவே எல்லாப் பள்ளிகளும் ஜனவரி, பிப்ரவரி சனிக்கிழமைகளுக்கே போட்டி போடுகின்றன. அதிலும் 2026-இல் பிப்ரவரி 14 சனிக்கிழமை, பார்க்க வசதியான நாள். எங்கள் கூட்டத்திலும் அதைத்தான் முதலில் சொன்னார்கள். ஆனால் மறுநாள் 15 மகா சிவராத்திரி. முந்தின நாள் மாலையே முஞ்சிறை திருமலையிலிருந்து சிவாலய ஓட்டம் தொடங்கிவிடும். பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடும் பக்தர்கள், பின்னால் வரும் வண்டிகள் என்று கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சாலைகள் நிறைந்துவிடும். எங்கள் ஆசிரியர்களிலேயே சிலர் ஓடுபவர்கள். அடுத்த வாரம் 18-ஆம் தேதி சாம்பல் புதன், அதை ஒட்டி ரமலான் நோன்பு. தவக்காலத்தில் ஆட்டம் பாட்டத்துக்கு வரத் தயங்கும் விருந்தினர்கள் உண்டு. நோன்பிருப்பவரை மாலை ஆறரைக்கு மேடையில் உட்கார வைக்கவும் கூடாது. மார்ச் வந்தால் மண்டைக்காடு கொடை, பிளஸ் டூ தேர்வு. அதனால் 7-ஆம் தேதி என்று முடிவு செய்தோம். அப்படியும் டாக்டரிடம் ஜனவரி 31, பிப்ரவரி 7 என்று இரண்டு நாட்களைச் சொல்லி, எது வசதி என்று கேட்டுத்தான் உறுதி செய்தேன். தேதியை முடிவு செய்துவிட்டு அழைப்பது மரியாதை போலத் தோன்றும். ஆனால் கேட்பவருக்கு 'முடியாது' என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லாமல் போய்விடும்.

நாளோடு கிழமையையும் கட்டாயம் எழுதுங்கள். தேதி தட்டச்சில் ஒன்று மாறினாலும் கிழமை பொருந்தாதபோது படிப்பவர் போன் செய்து கேட்டுவிடுவார்.

வழியும் நேரத்தில் சேர்ந்ததுதான். திருவனந்தபுரத்திலிருந்து எங்களுக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஆனால் சனிக்கிழமை மாலை களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் தாண்டி வர இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். அதைக் கடிதத்தில் எழுதாமல், முந்தின நாள் நினைவூட்டும் போனில் "மூணு மணிக்குக் கிளம்பினா நல்லது" என்று சொன்னேன். அவர் மூன்றேகாலுக்குக் கிளம்பி ஐந்து பத்துக்கு வந்தார். கடிதத்தில் 5.00க்கும் 5.15க்கும் இடையே வைத்திருந்த கால் மணி நேரம் அதை விழுங்கிக்கொண்டது. சாயா மட்டும் குடிக்க நேரமில்லை. நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டு மேடைக்கு வந்தார்.

டாக்டர் பதினெட்டு நிமிடம் பேசினார். பதினைந்தாவது நிமிடத்தில் தாமே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் யாரும் சீட்டு அனுப்பவில்லை. 32 பரிசுகளும் கொடுத்து, பொன்னாடை, நினைவுப் பரிசு முடிந்தபோது மணி 6.15. "புறப்படலாம்மா" என்றேன். "அந்த மயில் டான்ஸ் எப்ப சார்?" என்று கேட்டார். அடுத்தது அதுதான் என்றேன். மேடையிலிருந்து இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆறரைக்குக் காரில் ஏறினார்.