பென்ஷன் கணக்கில் ஜப்தி: எது தப்பும், எது மாட்டும்?

என் கட்சிக்காரரான அந்த ஓய்வூதியர், மைத்துனரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். கடன் வாங்கியவர் கைவிரித்துவிட, வங்கி வழக்குப் போட்டு, கடனை வசூலிக்க நீதிமன்றத் தீர்ப்பாணையான டிகிரியை வாங்கியது. பிறகு ஒரு காலை, ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை. சேமிப்புக் கணக்கும், பணிக்கொடையில் போட்டிருந்த ஒன்பது லட்சம் ரூபாய் நிரந்தர வைப்பும் நீதிமன்ற உத்தரவால் முடக்கப்பட்டிருந்தன. "பென்ஷனைத் தொட முடியாது என்றார்களே சார்?" என்று பாஸ்புக்கை என் மேசைமேல் வைத்தார்.

சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு ஓய்வூதியம், பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றை ஜப்தியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் கணக்கை முடக்கும்போது அதில் கிடப்பது யாருடைய எந்தப் பணம் என்று யாரும் ஆராய்வதில்லை. விலக்கு தானாக வராது. டிகிரியை நிறைவேற்றும் நீதிமன்றத்தில் மனுப் போட்டு நாம்தான் கேட்க வேண்டும்.

வங்கித் தரப்பில் இரண்டு வாதங்கள் வந்தன. கைக்கு வந்து வைப்பாக மாறிய பிறகு அது பணிக்கொடையே அல்ல என்பது முதலாவது. 2008-இல் ராதேஷியாம் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. நிரந்தர வைப்பாக மாறினாலும் ஓய்வூதியமும் பணிக்கொடையும் தம் தன்மையை இழப்பதில்லை என்றது. ஜாமீன் பத்திரத்தில் 'என் ஓய்வுக்காலப் பணத்திலிருந்தும் வசூலிக்கலாம்' என்று இவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது இரண்டாவது. அதே 60-வது பிரிவின் (1ஏ) உட்பிரிவின்படி, இந்த விலக்கை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஜாமீன் பத்திரத்தில் இருக்கும் அப்படிப்பட்ட வரியை நம்பித்தான் பலர் வழக்காடாமலேயே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். வைப்பு ரசீதையே கடனுக்கு ஈடாக ஒப்படைத்திருந்தால் கதை வேறு. அங்கே இந்த வாதம் எளிதில் எடுபடாது.

வைப்பை மீட்பது சுலபமாக இருந்தது. பணிக்கொடை வரவான நான்காம் நாளே, அதே தொகைக்கு வைப்புத் தொடங்கப்பட்டதைப் பாஸ்புக் காட்டியது. அலுவலகம் கொடுத்த பணிக்கொடை ஆணையையும் சேர்த்துத் தாக்கல் செய்தோம்.

சிக்கல் சேமிப்புக் கணக்கில். மாதப் பென்ஷன் வந்த அதே கணக்கில் வீட்டு வாடகையும், மனை விற்ற ஒன்றரை லட்சமும் விழுந்திருந்தன. இடையிடையே பணம் எடுத்தும் இருக்கிறார். மிச்சமிருப்பதில் எது பென்ஷன், எது மனைப் பணம்? மூன்று ஆண்டுக் கணக்கு விவரத்தை எடுத்து, பென்ஷன் வரவுகளை மட்டும் மஞ்சள் பூசிக் கூட்டினோம். அந்த அளவுக்கு விடுவிப்பு கிடைத்தது. மனைப் பணத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அது கடனுக்குப் போனது.

இப்போது அவர் வாடகைக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறார். பென்ஷன் கணக்கில் பென்ஷனைத் தவிர ஒரு ரூபாயும் விழுவதில்லை.