நியூட்ரலில் போட்டாலும் கியர்பாக்ஸ் சுழலும்

டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஆட்டோமேட்டிக் கார் நடுவழியில் நின்றுவிட்டது. உதவ வருபவர் பெரும்பாலும் சொல்வது, “நியூட்ரல்ல போடுங்க சார், கயிறு கட்டி இழுத்துடலாம்.” மேனுவல் காருக்கு இது பெரும்பாலும் சரிதான். அதன் பல்சக்கரங்கள் எண்ணெயில் நனைந்தபடி இருக்கும். சக்கரம் உருளும்போது அவையே எண்ணெயை வாரி இறைத்துக்கொள்ளும்.

ஆட்டோமேட்டிக்கில் எண்ணெயை ஒரு பம்ப் தள்ளிவிட வேண்டும். பெரும்பாலான கார்களில் அந்தப் பம்ப்பைச் சுழற்றுவது இன்ஜின். நியூட்ரல் இன்ஜினின் விசையைத்தான் துண்டிக்கிறது. சக்கரத்தோடு இணைந்த பாகங்கள் சுழன்றுகொண்டேதான் இருக்கும். இன்ஜின் ஓடாமல் காரை இழுத்தால் அவை எண்ணெய் வராமல் உரசிச் சூடேறும். புஷ்ஷும் கிளட்ச் தகடும் கருகும்.

சில கார்களின் கையேட்டில் 50 கிலோமீட்டர் வேகம், 50 கிலோமீட்டர் தூரம் என்று அனுமதி இருக்கும். அது நல்ல நிலையில் உள்ள கியர்பாக்ஸுக்கு. விளக்கு எரிந்ததே எண்ணெய் கசிந்ததால் என்றால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. வண்டிக்கு அடியில் சிவப்பாகவோ பழுப்பாகவோ எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள்.

மின்சார காரில் பெரும்பாலும் கிளட்சே கிடையாது. மோட்டார் எப்போதும் சக்கரத்தோடு பல்சக்கரங்களால் கோத்திருக்கும். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் இழுத்தால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 333 முறை சுற்றும். கியர் விகிதம் 9 என்றால் மோட்டார் 3,000 முறை சுற்றும். உள்ளே நிலைக்காந்தம் இருந்தால், அத்தனை சுற்றிலும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் உண்டாக்கும். டிரைவ் எச்சரிக்கைக்குக் காரணம், மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் ஏற்பட்ட ஷார்ட் என்றால், அந்த மின்சாரம் மோட்டாரின் சுருள்களிலேயே சுற்றிச் சுற்றி ஓடி அவற்றைச் சூடாக்கும். அந்த நேரத்தில் குளிரூட்டும் பம்ப்பும் ஓடாது.

முன்சக்கர இயக்க ஆட்டோமேட்டிக்கை முன்பக்கம் தூக்கி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து இழுக்கலாம்; அதில் தவறில்லை. ஆனால் மின்சார காரில் மோட்டார் பின்னாலும் இருக்கலாம், இரு பக்கமும் இருக்கலாம். நான்கு சக்கர இயக்கக் காரிலும் இதே சிக்கல்தான். அதனால் நான்கு சக்கரமும் தரையில் படாமல் காரை ஏற்றிச் செல்லும் ஃப்ளாட்பெட் லாரியைக் கேட்பதுதான் என் பரிந்துரை.

ஃப்ளாட்பெட் வந்த பிறகும் ஒரு விஷயம் இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தால் பல கார்கள் சக்கரத்தைப் பூட்டும் ‘பார்க்’ நிலையிலிருந்து விடுபடாது. அப்போது வின்ச்சால் தரதரவென்று இழுக்க விடாதீர்கள். வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்து நியூட்ரலுக்கு மாற்றச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், பூட்டிய சக்கரங்களுக்கு அடியில் உருளைப் பலகை வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.