பத்தியை இடம் மாற்றிப் பாருங்கள்: சமயப் பன்மைத்துவமும் முதலாமாண்டு மீளாய்வும்

முதலாமாண்டு ஒப்பீட்டுச் சமயவியல் கட்டுரைகளைப் பல வருடமாகத் திருத்தி வருகிறேன். சமயப் பன்மைத்துவம் என்று தலைப்புக் கொடுத்தால் இலக்கிய மீளாய்வு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும்: ஹிக் இப்படிச் சொல்கிறார், ரேஸ் இப்படிச் சொல்கிறார், ஹைம் இப்படிச் சொல்கிறார். ஆளுக்கு ஒரு பத்தி. நான் வைக்கும் சோதனை எளிது. மூன்றாவது பத்தியைத் தூக்கி முதலில் வைத்துப் பாருங்கள். கட்டுரைக்கு எதுவும் ஆகவில்லை என்றால் அது மீளாய்வு இல்லை, படித்தவற்றின் பட்டியல்.

இதற்கு ஒரு காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பன்மைத்துவம் என்று ஒருவர் எழுதும்போது பல சமயங்கள் அருகருகே இருக்கும் நிலையைச் சொல்லலாம்; அந்த வேற்றுமைகளோடு ஈடுபட்டுச் சேர்ந்து வாழும் முயற்சியைச் சொல்லலாம்; எல்லாப் பெருஞ்சமயங்களும் ஒரே இறுதி மெய்ம்மையை நோக்கிய செல்லுபடியாகும் வழிகள் என்ற தத்துவக் கூற்றையும் சொல்லலாம். டயானா எக் பேசுவது இரண்டாவதை, ஜான் ஹிக் பேசுவது மூன்றாவதை. இருவரையும் ஒரே பத்தியில் போட்டு 'இவர்கள் பன்மைத்துவத்தை ஆதரிக்கிறார்கள்' என்று எழுதினால், அவர்கள் ஒரே விஷயத்தைப் பேசவே இல்லை என்பது வாசிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் முதல் இரண்டு மூன்று வாக்கியங்களில் நீங்கள் எந்தப் பொருளை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, மற்றவற்றை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஒரு மாணவியின் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். கேள்வி, ஹிக்கின் பன்மைத்துவம் நடுநிலையானதா என்பது. ஆறு நூல்கள் படித்திருந்தார், ஆறு பத்தி எழுதியிருந்தார். உட்கார்ந்து பேசியபோது நான் கேட்டது ஒன்றுதான்: இவர்களில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள்?

அங்கிருந்து எல்லாம் மாறியது. ஹிக் முதலில் வந்தார். மெய்ம்மை தன்னளவில் எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, ஒவ்வொரு சமயமும் தன் பண்பாட்டின் வழியே அதை வெவ்வேறாக அனுபவிக்கிறது என்பது அவர் வாதம். தத்துவவாதி காண்ட்டிடம் இருந்து எடுத்த சட்டகம். ஒரு சமயம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் ஓர் அளவுகோலும் வைக்கிறார்: மனிதரைத் தன்னை மையமாகக் கொண்ட வாழ்விலிருந்து மெய்ம்மையை மையமாகக் கொண்ட வாழ்வுக்கு அது நகர்த்துகிறதா? அடுத்த பத்தி அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்கியது. அளவுகோல் என்று ஒன்று வைத்தாலே அதில் தேறாதவை வெளியே போகும், ஆகவே பன்மைத்துவமும், தன் வழி மட்டுமே சரி என்னும் விலக்குவாதத்தின் ஒரு வகையே என்று 1996-இல் கேவின் டி'கோஸ்டா எழுதினார். அப்புறம் மார்க் ஹைம். அவர் 1995-இலேயே, சமயங்கள் வெவ்வேறு வழிகள் மட்டுமில்லை, வெவ்வேறு இலக்குகளையே நோக்கிப் போகின்றன என்று வாதிட்டிருந்தார்.

மாணவியின் முதல் வரைவில் 'டி'கோஸ்டாவும் ஹைமும் ஹிக்கை விமர்சிக்கிறார்கள்' என்று ஒரே வரியில் போயிருந்தது. ஆனால் ஒருவர் ஹிக் கேட்பது நடக்காத காரியம் என்கிறார், இன்னொருவர் ஹிக்கிடம் பன்மை போதவில்லை என்கிறார். இரண்டும் ஏறக்குறைய எதிர்த்திசைகள். இந்த வித்தியாசத்தைச் சொல்லும் ஒரு வாக்கியம் ஆறு சுருக்கங்களைவிட அதிக மதிப்பெண் வாங்கும். ஹைமின் நூல் ஓராண்டு முந்தியது என்றாலும் அவரைக் கடைசியில் வைத்தோம், ஏனென்றால் வரிசை வாதத்தினுடையது.

ஆனாலும் ஆண்டைக் கவனிக்க வேண்டிய இடமும் உண்டு. விலக்குவாதம், மற்றச் சமயத்தவருக்கும் மீட்பு உண்டு ஆனால் அது தன் சமயத்தின் உண்மை வழியாகவே வருகிறது என்னும் உள்ளடக்கவாதம், பன்மைத்துவம் என்ற மூன்று பிரிவைப் பரப்பியது ஆலன் ரேஸ் 1983-இல் எழுதிய நூல். அந்தப் பிரிவை 1986-இல் ஏற்றுக்கொண்ட டி'கோஸ்டா, பிறகு அது உதவாது என்று விட்டுவிட்டார். ஆண்டு பார்க்காமல் மேற்கோள் எடுத்தால் ஒரே ஆள் தன்னோடு தானே சண்டை போடுவது போல இருக்கும்.

கடைசிப் பத்தியில் எல்லோரும் எழுதும் ஒரு வரி, 'இதைப் பற்றி இதுவரை யாரும் ஆராயவில்லை.' ஆறு நூல் படித்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது, சரிதானே? படித்த ஆறுக்குள் என்ன இல்லை என்று மட்டும் சொல்லலாம். அந்த மாணவி பார்த்தது இது: அவர் எடுத்த எல்லோரும் கிறிஸ்தவ இறையியல் பின்னணியில் இருந்து வந்தவர்கள், 'மற்றவர்களுக்கு மீட்பு உண்டா' என்ற கேள்வியே அந்தப் பின்னணியில் பிறந்தது. மீட்பர் என்ற பேச்சே இல்லாத தேரவாத பௌத்தத்தை அந்த மூன்று பிரிவில் எங்கே வைப்பது என்று கேட்டு மீளாய்வை முடித்தார். அடுத்த பகுதி அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கியது.