ஆம்பியன்ஸ் என்றால் சூழொலி

எடிட்டிங் அறையில் “குரலுக்கு அடியில கொஞ்சம் ஆம்பியன்ஸ் போடுங்க” என்பார்கள். ஓரிடத்தில் யாரும் பேசாதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும் ஓசைதான் அது. சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர் லத்தீன்: ‘ஆம்பி’ என்றால் சுற்றி, ‘ஈரே’ என்றால் செல்லுதல். சுற்றிவருவது என்று பொருள்.

இதைப் பலர் ‘பின்னணி ஒலி’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதை சொல்பவரின் குரலையே நாம் பின்னணிக் குரல் என்கிறோம். இசை பின்னணி இசை. மூன்றாவதும் பின்னணி என்றால் எதைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று ஒலிப்பதிவாளருக்கே குழம்பும். ‘சூழ்நிலை’ போல வினைத்தொகையாகச் சூழொலி என்பதே சரி. லத்தீன் வேரின் பொருளும் அப்படியே வந்துவிடுகிறது. ஒரு நொடி கேட்டு மறையும் எஃபெக்டை நிகழ்வொலி எனலாம்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் கற்றது பாலக்காட்டு எல்லையில், வேலந்தாவளத்தில். பனைமரங்களைப் பற்றி இரண்டு நிமிட வீடியோ. முதல் முறை காற்று, காகம், ஆட்டுமணி, டீக்கடை, லாரி என ஐந்தையும் அடுக்கினேன். கேட்ட அண்ணன் ஒருவர் “சந்தையா இது?” என்றார்.

அப்புறம் சூழொலியாக ஒன்றை மட்டும் வைத்தேன்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காய்ந்த பனையோலை உரசும் ஓசை. மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டி, மரத்தடியில் இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பதிவு செய்தேன். சின்ன ஒலித்துண்டை மறுபடி மறுபடி ஓட்டினால் அதே சலசலப்பு திரும்ப வருவதைக் காது கண்டுபிடித்துவிடும். குரலைவிட 18 முதல் 20 டெசிபெல் கீழே வைத்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான உறுமலை வெட்டினேன். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை சற்றுத் தணித்தேன். குரலில் மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு சிக்கல் மிஞ்சியது. கைப்பேசி ஸ்பீக்கரில் ஓலைச் சத்தம் மழை மாதிரி கேட்டது. ஓலை, காற்று வீசும்போது எழுந்து பிறகு அடங்கும். மழை ஒரே சீராக இரையும். நான் போட்டிருந்த கம்ப்ரஸர் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கியிருந்தது. அதை எடுத்ததும் ஓலை திரும்பி வந்தது.

நிகழ்வொலியையும் ஒரே இடத்தில் மட்டும் வைத்தேன். தமிழ்நாட்டுப் பேருந்தில் நடத்துனர் விசில் ஊதுவார். கேரளப் பேருந்தில் கயிற்றை இழுத்து மணியடிப்பார், புறப்பட இரண்டு மணி. “எல்லையைத் தாண்டினால்” என்று குரல் நிற்கும் இடைவெளியில் ஒரு விசில், சற்றுப் பொறுத்து இரட்டை மணி. வரைபடம் காட்டவில்லை, ஊர்ப்பெயரை எழுத்தில் போடவில்லை. அடுத்த வாக்கியம் தொடங்கும் முன் மணியின் அதிர்வு அடங்கியிருக்க வேண்டும், அவ்வளவே.