'எனக்கு ஒன்னும் வேணாம்' என்பவருக்கு என்ன வாங்குவது?

ஐப்பசி பிறந்தால் தோட்டங்களில் தீபாவளி முற்பணம் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். அதே சமயம் எங்கள் உளவளத்துணைப் பிரிவிலும் ஒரு முறைப்பாடு காதில் விழும். பெரும்பாலும் கணவன்மார் சொல்வது. "கேட்டா ஒன்னும் வேணாம்னு சொல்றா மிஸ். சரின்னு சும்மா இருந்தா முகத்தைத் தூக்கி வச்சிக்கிறா. வாங்கிட்டுப் போனா ஏன் வாங்கினீங்கன்னு சண்டை. நான் என்னதான் செய்யட்டும்?"

நான் அவர்களிடம் முதலில் கேட்பது, அந்த வசனம் எப்படி முடிந்தது என்பதைத்தான். "ஒன்னும் வேணாம்" என்று மட்டும் சொல்லி யாரும் வாயை மூடிக்கொள்வதில்லை. அதற்குப் பின்னால் ஒரு துண்டு வரும். "சும்மா காசைக் கரைக்காதீங்க" என்று வந்தால் பயம் காசைப் பற்றியது. "நீங்க ரெண்டு நாள் கூட இருந்தாப் போதும்" என்று வந்தால் கேட்பது லீவு. "போன தடவை வாங்கினதே பெட்டியில கிடக்கு" என்று வந்தால், போன தடவை வாங்கியது பிடிக்கவில்லை என்பதை இவ்வளவு காலம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். கேட்டவர் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு, பிரயோசனமான இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்.

மலையகத்தில் நான் அதிகம் காண்பது முதலாவது வகை. அதற்கு ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

மனைவி தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார். கணவர் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கணவர் போனில் கேட்டிருக்கிறார். பதில்: "எனக்கு ஒன்னும் வேணாம், இருக்கிற கடனை முதல்ல பாருங்க." அவர் பார்த்தது கடனை அல்ல. மனைவியின் போன் திரை வெடித்துக் கிடப்பது ஞாபகம் வர, 45,000 ரூபாய்க்குப் புதுப் போன் ஒன்றை எடுத்துவிட்டார். கையில் இருந்த 15,000ஐக் கடைக்கு முற்பணமாகக் கட்டினார், மிச்சம் மாதம் 5,000 வீதம் ஆறு தவணை. பார்சலைப் பிரித்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு மாசம் எவ்வளவு வெட்டுவாங்க?"

கணவர் மனம் உடைந்துபோனார். அவருக்கு அது அன்பு. அவளுக்கோ அது ஆறு மாதத்துக்கான இன்னொரு கடன். மனைவியின் தோடு அப்போது அடகில் இருந்தது, மகளின் டியூஷன் காசுக்காக வைத்தது. சம்பளத்தில் தீபாவளி முற்பணத்தை மாதாமாதம் கழிப்பார்கள், அதற்கு மேல் அடகு வட்டி. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் "வேணாம்" என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றது பரிசை அல்ல, அதன் பின்னால் வரும் தவணையை.

விலை கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்று நினைப்பது கொடுப்பவர்களின் பொதுவான கணக்கு. அமெரிக்காவில் ஃபிளின், ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009இல் நிச்சயதார்த்த மோதிரங்களை வைத்து இதைப் பார்த்தார்கள். விலை கூடிய மோதிரத்துக்கு அவள் கூடுதலாக மகிழ்ந்தாள் என்று ஆண்கள் நம்பினார்கள். பெண்களின் பதில்களிலோ விலைக்கும் மகிழ்ச்சிக்கும் தொடர்பு தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. கொடுப்பவரின் கண் பார்சலைப் பிரிக்கும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கும். வாங்குபவர் அதற்குப் பிறகு அதோடு வாழப்போகும் மாதங்களை யோசிப்பார்.

கடைக்காரரிடம் பேசி போனைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. முற்பணத்தில் கொஞ்சத்தை அவர் பிடித்துக்கொண்டார், 13,000 கைக்கு வந்தது. அடுத்தது என்ன? தோட்டை மீட்டுக் கொடுத்து அசத்தலாம் என்றார் கணவர். அதில் இரண்டு சிக்கல். அடகு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய அடையாள அட்டையையும் பற்றுச்சீட்டையும் கேட்பார்கள், ஆகவே மனைவிக்குத் தெரியாமல் மீட்பது பெரும்பாலும் நடக்காது. இரண்டாவது பெரிய சிக்கல். அந்தத் தோடு அவளுடையது. வீட்டுக்காக அவள் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பரிசு என்று பெயர் வைத்தால் எந்தப் பெண்ணுக்கும் எரிச்சல் வரும், வரவும் வேண்டும். அது வீட்டுக் கடன். அதை வீட்டுக் கடனாகவே கட்டச் சொன்னேன். இருவரும் சேர்ந்து போய் முழு வட்டியையும் அசலில் ஒரு பகுதியையுமாக 9,000 கட்டினார்கள். மிச்சத்தை எந்த மாதம் எவ்வளவு கட்டுவது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். மனைவியின் முகம் தெளிந்தது அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் என்று கணவரே சொன்னார்.

மிச்சம் 4,000. இப்போதுதான் பரிசு. இந்த இடத்தில் "உனக்கு என்ன வேணும்?" என்று திரும்பக் கேட்டால் அதே பதில்தான் வரும். அதனால் வேறு விதமாகப் பார்க்கச் சொல்வேன்: இவர் எதை இல்லாமல் சமாளித்துக்கொண்டிருக்கிறார்? வீட்டில் நல்லது யாரிடம், உடைந்தது யாரிடம்? ஒரு லீவு நாளில் காலையிலிருந்து கவனித்தாலே தெரிந்துவிடும். கணவர் கவனித்தது சுடுதண்ணிப் போத்தலை. வீட்டில் இருந்த நல்ல போத்தல் மகளோடு டியூஷனுக்குப் போகிறது. பழையதின் உள்கண்ணாடி உடைந்துவிட்டது. மனைவி விடியற்காலையில் போட்ட சாயத்தண்ணியை பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி மலைக்குக் கொண்டுபோகிறார். அந்தக் குளிரில் பத்து மணிக்கு அது பச்சைத் தண்ணி மாதிரி ஆகிவிடும். வாங்கியது உள்ளே கண்ணாடி இல்லாத எவர்சில்வர் போத்தல், கைக்காசுக்கு, தவணை இல்லாமல். கொடுக்கும்போது விலையையும் சொல்லிவிடச் சொன்னேன். விலை தெரியாவிட்டால் இப்படிப்பட்டவர்கள் மனதுக்குள் இரண்டு மடங்காகக் கணக்குப் போட்டுக் கவலைப்படுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குப் பொதுவானதை ஒருவருக்கான பரிசாக்காதீர்கள். ரைஸ் குக்கர் எல்லோருக்கும் சோறு ஆக்கும். போத்தல் மட்டும் எப்படிச் சரி என்றால், அது அவளுடைய கூடையோடு போய் அவளோடு திரும்பி வருகிறது. வாங்கியது சரியா என்று பார்க்க நன்றி வார்த்தையை நம்ப வேண்டாம். இரண்டு மாதம் கழித்து அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி அலுமாரிக்குள் பொலித்தீனோடு இருந்தால் அடுத்த முறை வேறு வழி பார்க்க வேண்டும்.

ஆண்கள் "வேணாம்" என்பதும் குறைவில்லை, அநேகமாக அதுவும் காசுப் பயம்தான். சிலருக்கு உண்மையாகவே பொருள் மேல் ஆசை கிடையாது. இரண்டு மூன்று வருடம் ஒன்றும் வாங்காமல் விட்டும் முகம் கோணாதவர் என்றால் அவரை நம்பி விட்டுவிடலாம்.

இந்த யோசனைகள் எதுவும் பொருந்தாத ஒரு வேண்டாம் உண்டு. அடித்துவிட்டு, அல்லது கேவலமாகப் பேசிவிட்டு மறுநாள் கொண்டுவரும் சேலையை ஒரு பெண் தொட மறுத்தால், அங்கே சேலையின் நிறத்தை மாற்றிப் பயனில்லை. அப்படி மறுப்பவர் நீங்கள் என்றால், பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938க்கு அழைக்கலாம், அல்லது உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்டுப் போகலாம்.